தேசியக் கல்விக் கொள்கை 2020: நடுநிலையாகக் கட்டுரை எழுதுவது எப்படி? 20க்கு 8தான் வந்தது

செங்கம்_மலர் | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். டெட் முதல் தாளுக்கு வார இறுதி வகுப்பு போய்க்கொண்டிருக்கிறேன். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தலைப்பைக் கொடுத்து 45 நிமிடத்தில் 500 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்வார்கள். இந்த வாரத் தலைப்பு, "தேசியக் கல்விக் கொள்கை 2020 கொண்டுவரும் முக்கிய மாற்றங்களை நடுநிலையோடு விவாதிக்க."

முன்னுரையில் 1968, 1986 கொள்கைகள், கஸ்தூரிரங்கன் குழு எல்லாம் எழுதினேன். அப்புறம் நன்மைகள் பத்து, தீமைகள் பத்து. இரண்டு பக்கமும் சரிசமமாக எழுதிவிட்டதால் நல்ல மதிப்பெண் வரும் என்று நினைத்தேன். 20க்கு 8. சார் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "நன்மை தீமை கேட்கவில்லை, மாற்றம் எங்கே?" கூட்டம் அதிகமாக இருந்ததால் விளக்கம் கேட்க முடியவில்லை.

மொழி பற்றிய பத்தியை அப்படியே தருகிறேன். என்ன தவறு என்று யாராவது சொல்லுங்கள்.

"புதிய கல்விக் கொள்கை ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழி வழிக் கல்வியைக் கட்டாயமாக்குகிறது. இது மிகவும் வரவேற்கத்தக்கது. குழந்தைகள் தாய்மொழியில் எளிதாகக் கற்பர். ஆனால் மும்மொழித் திட்டத்தில் இந்தி கட்டாயம் என்பதால் இந்தி பேசாத மாநிலங்களுக்கு இது ஏற்றதல்ல. ஆகவே இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு."

---

ராத்திரிப்படிப்பு | ஞாயிறு இரவு 10.05

டெட்டில் கட்டுரை வந்துவிட்டதா? எந்த அறிவிக்கையில் போட்டிருக்கிறார்கள்? நான் பணியில் இருக்கும் ஆசிரியர். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் டெட் முடித்தாக வேண்டும் என்று பயத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். கொள்குறி வினாவுக்கே நேரம் போதவில்லை, இதில் கட்டுரை வேறா?

---

செங்கம்_மலர் | ஞாயிறு இரவு 10.11

இல்லை சார், பயப்படாதீர்கள். தேர்வில் மாற்றம் எதுவும் இல்லை, அதே 150 கொள்குறி வினாதான். இது வகுப்பில் கொடுக்கும் பயிற்சி மட்டும். எழுதிப் பார்த்தால்தான் எது உண்மையில் தெரியும், எது தெரிந்த மாதிரி இருக்கிறது என்பது பிடிபடும் என்று எங்கள் சார் சொல்வார்.

---

வைகைக்கரை | ஞாயிறு இரவு 10.30

உங்கள் பத்தியில் தகவல் பிழை இருக்கிறது தோழி. இந்தி கட்டாயம் என்று கொள்கையில் இல்லவே இல்லை. மாநிலம் விரும்பும் மொழியை எடுத்துக்கொள்ளலாம். எதிர்ப்பவர்கள் கிளப்பிவிட்டதைப் படித்து எழுதியிருக்கிறீர்கள்.

முக்கிய மாற்றம் என்று கேட்டால் முதலில் எழுத வேண்டியது 5+3+3+4. பழைய 10+2 முறை போய்விட்டது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் 3, 5, 8 வகுப்புகளில் பொதுத்தேர்வு வருகிறது. அதனால்தான் தமிழ்நாட்டில் 5, 8 பொதுத்தேர்வு என்று அறிவித்துவிட்டு எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கினார்கள். இதை எழுதினால் நல்ல மதிப்பெண் நிச்சயம்.

---

பழைய_சாக்பீஸ் | திங்கள் காலை 6.15

மலர், நான் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் 22 வருடம் கல்வியியல் எடுத்து ஓய்வு பெற்றவன். விடைத்தாள் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். இந்தத் தலைப்பில் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான், அதைச் சொல்லிவிட்டு உங்கள் பத்திக்கு வருகிறேன்.

இந்தக் கொள்கையைப் பற்றி நாம் கேட்டதெல்லாம் மூளையில் ஒரே மூட்டையாகக் கிடக்கிறது. அதில் நாலு விதமான சரக்கு கலந்திருக்கிறது. 2019 மே மாதம் கஸ்தூரிரங்கன் குழு கொடுத்த வரைவு ஒன்று. 2020 ஜூலை 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த கொள்கை இன்னொன்று. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த திருத்தமும் மூன்றாவது. கொள்கைக்குப் பிறகு வந்த நிபுண் பாரத், பி.எம். ஸ்ரீ மாதிரியான திட்டங்கள் நான்காவது. ஒன்றில் இருப்பதை இன்னொன்றின் கணக்கில் எழுதினால் எவ்வளவு நடுநிலையாக எழுதினாலும் திருத்துபவர் கை மேலே போகாது.

வைகைக்கரை தம்பி எழுதியதையே எடுத்துக்கொள்வோம், தப்பாக நினைக்க வேண்டாம். இந்தி கட்டாயம் என்று 2020 கொள்கையில் இல்லை என்பது சரி. ஆனால் யாரோ கிளப்பிவிட்டது என்பது சரியில்லை. 2019 வரைவில் இந்தி பேசாத மாநிலங்களில் இந்தி ஒரு பாடமாக இருக்கும் என்ற வரி இருந்தது, எதிர்ப்பு எழுந்ததும் ஜூன் 3ஆம் தேதி அந்த வரியைத் திருத்தினார்கள். மலர் வரைவைப் படித்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

10+2 பற்றி: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எடுக்கப்படவில்லை. 10, 12 இரண்டுக்கும் பொதுத்தேர்வு தொடரும், மனப்பாடத்தைக் குறைத்து அடிப்படைத் திறனைச் சோதிக்கும்படி மாற்ற வேண்டும், ஒரே கல்வியாண்டில் இரண்டு முறை வரை எழுத வாய்ப்பு தரலாம் என்றுதான் கொள்கை சொல்கிறது.

5, 8 பொதுத்தேர்வு விஷயத்தில் தேதியைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது 2020 பிப்ரவரி. கொள்கை வந்தது 2020 ஜூலை. பிறக்காத பிள்ளையின் மேல் பழி போட முடியாது. அந்த அறிவிப்புக்கு வழி விட்டது, 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம். 5, 8 முடிவில் தேர்வு வைத்து, மறுதேர்விலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்த மாநிலங்களுக்கு அது இடம் கொடுத்தது.

---

வைகைக்கரை | திங்கள் காலை 8.20

ஐயா, தேதி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 3, 5, 8இல் தேர்வு உண்டு என்று கொள்கையில் இருக்கிறதே, அதை நான் கற்பனை செய்யவில்லை.

---

பழைய_சாக்பீஸ் | திங்கள் காலை 8.50

இருக்கிறது, நீங்கள் கற்பனை செய்யவில்லை. 3, 5, 8 வகுப்புகளில் எல்லா மாணவர்களும் தேர்வு எழுதுவார்கள், உரிய அமைப்பு அதை நடத்தும் என்று இருக்கிறது. அதோடு அந்த முடிவுகளைப் பள்ளிக் கல்வியை மேம்படுத்த மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. பிள்ளையை நிறுத்திவைக்க அந்தப் பத்தியில் எதுவும் இல்லை. "பொதுத்தேர்வு" என்று நாம் எழுதும்போது பத்தாம் வகுப்புத் தேர்வின் படம் வாசகர் மனதில் வந்துவிடும், அதனால் அந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

ஆனால் இதற்கு மறுபக்கம் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு வெளி அமைப்பு நடத்தும் தேர்வு வந்தால், முடிவை எதற்குப் பயன்படுத்துவோம் என்று தாளில் என்ன எழுதியிருந்தாலும், பள்ளிகள் அதைத் தங்கள் பெயருக்கான பந்தயமாக எடுத்துக்கொள்ளும், டியூஷன் மூன்றாம் வகுப்புக்கே இறங்கும். இது நியாயமான அச்சம். கொள்கையின் வரியையும் எழுதி, அந்த வரி பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது என்ன ஆகலாம் என்பதையும் எழுதினால் அதுதான் நடுநிலை. பத்து நன்மை, பத்து தீமை என்று தராசில் போடுவது வேறு வேலை.

---

ஓசூர்_டீச்சர் | திங்கள் மதியம் 1.10

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். மலருக்கு நேரடியான பதில் இல்லை, ஆனால் தாய்மொழி என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் ஒன்றாம் வகுப்பில் 19 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, ஏழெட்டுப் பேர் கன்னடம், மிச்சம் தமிழ். போன வாரம் ஒரு குழந்தை தண்ணீர்ப் படத்தைப் பார்த்து "நீள்ளு" என்றது. பக்கத்தில் இருந்தது "நீரு" என்றது. பாடப் புத்தகத்தில் தண்ணீர். மூன்றும் சரி. நான் மூன்றையும் கரும்பலகையில் தமிழ் எழுத்திலேயே எழுதிப் போட்டேன், அன்று முழுக்க வகுப்பு கலகலவென்று இருந்தது. இதே வகுப்பில் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் வீட்டு மொழிக்கு என்னிடம் ஒரு சொல்கூட இல்லை.

கொள்கையில் "தாய்மொழி வழி" என்றால் என் வகுப்பில் எது தாய்மொழி? கட்டுரையில் எல்லோரும் தாய்மொழி நல்லது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்தக் குழந்தையின் தாய்மொழி என்று யாரும் எழுதுவதில்லை.

---

பழைய_சாக்பீஸ் | திங்கள் மாலை 5.40

டீச்சரம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்குள்தான் மலரின் பத்தி மாட்டிக்கொண்டிருக்கிறது. கொள்கையின் வாசகம் தாய்மொழி என்று மட்டும் நிற்கவில்லை. வீட்டுமொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி, வட்டார மொழி என்று நான்கையும் சாய்கோடு போட்டு ஒரே மூச்சில் அடுக்குகிறது. உங்கள் வகுப்பில் இந்த நான்கும் நான்கு வெவ்வேறு விடை தரும். சில குழந்தைகளுக்கு வீட்டுமொழி தெலுங்கு, மாநிலத்தின் மொழி தமிழ். எதைத் தேர்ந்தெடுப்பது, யார் தேர்ந்தெடுப்பது என்பதைக் கொள்கை திறந்தே விட்டிருக்கிறது. இரண்டு மொழியையும் கலந்து பாடம் எடுக்க ஆசிரியர்களை ஊக்குவிப்போம் என்று ஒரு வரி உண்டு. நீங்கள் கரும்பலகையில் செய்தது அதுதான்.

இப்போது மலரின் பத்தியை வரிவரியாகப் பார்ப்போம்.

"கட்டாயமாக்குகிறது" தவறு. "இயன்ற இடங்களில்" என்றுதான் அந்த வாக்கியம் தொடங்குகிறது. குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை, முடிந்தால் எட்டு வரையும் அதற்கு மேலும் என்று நீள்கிறது. கொள்கையைப் பற்றி எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். கட்டாயமாக்குகிறது, பரிந்துரைக்கிறது, இலக்கு வைக்கிறது, ஊக்குவிக்கிறது, இந்த நான்கும் ஒன்றல்ல. கொள்கை சட்டம் கிடையாது, தன்னளவில் யாரையும் அது கட்டாயப்படுத்த முடியாது. 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது, அதனால் மத்திய அரசு சட்டம் இயற்றலாம், ஆனால் இந்தக் கொள்கை அப்படிப்பட்ட சட்டம் இல்லை.

அடுத்து, இது மாற்றம்தானா என்று கேட்டீர்களா? உங்கள் சார் சிவப்பு மையில் கேட்டது இதைத்தான். கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். பயிற்றுமொழி, இயன்றவரை, குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 2009இலேயே எழுதிவிட்டார்கள். அதே "இயன்றவரை". ஆக 2020 கொள்கை இங்கே புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை, இருந்ததை அழுத்திச் சொல்லி எட்டாம் வகுப்பைத் தாண்டியும் நீட்ட விரும்புகிறது, அதே இடைவெளியையும் விட்டுவைத்திருக்கிறது. ஆங்கில வழித் தனியார் பள்ளி அந்த இடைவெளியில் வசதியாகப் புகுந்துகொள்ளலாம்.

மும்மொழியும் புதிதல்ல. 1968 கொள்கையிலேயே மும்மொழித் திட்டம் இருந்தது, இந்தி பேசாத மாநிலங்களில் வட்டார மொழி, ஆங்கிலத்தோடு இந்தி என்று பெயர் சொல்லியே இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அண்ணா ஆட்சியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருமொழிக்குத் தீர்மானம் போட்டது, அதிலிருந்து இன்றுவரை இங்கே இருமொழிதான். 2020 கொள்கையில் இந்தியின் பெயர் அந்த இடத்தில் இல்லை. எந்த மாநிலத்தின் மீதும் எந்த மொழியும் திணிக்கப்படாது, மூன்றில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும், தேர்வு மாநிலங்களும் பகுதிகளும் மாணவர்களும் செய்வது என்கிறது. ஆக உண்மையான மாற்றம், பெயர் சொல்லிய மொழியிலிருந்து பெயர் சொல்லாத மொழிக்கு.

அப்படியென்றால் எதிர்ப்பு எதற்கு என்று எழுதத் தெரிய வேண்டும். மூன்றாவது மொழி என்ற ஒன்று இருந்தாக வேண்டும் என்பதே இருமொழி மாநிலத்துக்குப் பிரச்சினை. சின்ன ஊர்ப் பள்ளியில் மலையாளமோ மராத்தியோ கேட்டால் ஆசிரியர் கிடைப்பாரா, கடைசியில் எந்த மொழிக்கு ஆசிரியர் எளிதில் கிடைப்பாரோ அதுதான் தேர்வாகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. அப்புறம் பணம். இந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்தக் கோரும் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தப்பட்டது என்று தமிழ்நாடு அரசு சொன்னது, 2,152 கோடி ரூபாய் அது. விருப்பம் என்று தாளில் இருப்பது நிதியோடு சேரும்போது விருப்பமாகவே இருக்கிறதா என்று எழுதலாம். இவையெல்லாம் நிற்கும் விமர்சனம். "இந்தி கட்டாயம்" என்று எழுதினால் ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள், அதோடு நல்ல விமர்சனமும் சேர்ந்து போய்விடும்.

---

வைகைக்கரை | திங்கள் இரவு 8.05

ஐயா, நிதி விஷயத்தையெல்லாம் தேர்வுக் கட்டுரையில் எழுதலாமா? திருத்துபவர் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியாது. நான் என்றால் மாநில அரசியலைத் தொடவே மாட்டேன். கொள்கையில் இருப்பதை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுவேன்.

---

பழைய_சாக்பீஸ் | திங்கள் இரவு 8.30

நடந்ததை நடந்தது என்று எழுதுவதில் பக்கம் இல்லை என்பது என் எண்ணம். யார் சொன்னது என்று சேர்த்து எழுதினால் போதும், "தமிழ்நாடு அரசு சொன்னது" என்று நான் மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள். ஆனால் மத்திய தேர்வுக்கு, அதாவது சி.டெட் மாதிரிக்குத் தயாராகிறவர்கள் இதை ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், அங்கே கேள்வி நாடு முழுமைக்கும் பொதுவானது.

---

செங்கம்_மலர் | திங்கள் இரவு 10.20

ஐயா, நன்றி. எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வினைச்சொல் விஷயம் யாரும் இதுவரை சொல்லித் தந்ததில்லை. என் கட்டுரை முழுவதையும் எடுத்து வைத்து வட்டம் போட்டுப் பார்த்தேன், "கட்டாயம்" என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது.

5+3+3+4 பத்தியை இப்போது திருத்தி எழுதப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். கூட்டினால் 15 வருகிறது, நம்மிடம் 12 வகுப்புதானே இருக்கிறது? மூன்று வருடம் பள்ளிப் படிப்பு கூடுகிறதா?

---

ஓசூர்_டீச்சர் | செவ்வாய் காலை 6.50

வகுப்பு கூடவில்லை மலர், கீழே மூன்று வருடம் சேர்கிறது. முதல் 5 என்பது மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை. அதில் மூன்று வருடம் அங்கன்வாடி அல்லது மழலையர் வகுப்பு, இரண்டு வருடம் ஒன்றும் இரண்டும். அப்புறம் 3 முதல் 5 வரை மூன்று வருடம், 6 முதல் 8 வரை மூன்று வருடம், 9 முதல் 12 வரை நான்கு வருடம். வகுப்பு பன்னிரண்டுதான்.

முதல் தாள் எழுதுகிற உங்களுக்கு இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. இதுவரை நாம் ஒன்று முதல் ஐந்து வரை ஒரே துண்டாகப் பார்த்தோம். இந்த அமைப்பில் அது இரண்டாம் வகுப்போடு வெட்டுப்படுகிறது. ஒன்று, இரண்டு பிள்ளைகள் அங்கன்வாடிப் பிள்ளைகளோடு ஒரே நிலை, விளையாட்டு வழியில். மூன்றாம் வகுப்பிலிருந்துதான் கொஞ்சம் முறையான பாடம்.

---

செங்கம்_மலர் | செவ்வாய் மதியம் 2.15

அக்கா, இதைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. என் அம்மா அங்கன்வாடிப் பணியாளர், 17 வருடம். காலையில் போனதும் பிள்ளைகளை எடை போட வேண்டும், சத்துமாவு கணக்கு, முட்டை கணக்கு, கர்ப்பிணிகள் பதிவேடு, கைப்பேசியில் ஏற்றுவது வேறு. ஒரு பாட்டு, ஒரு கதை சொல்ல உட்காரும்போது மணி பதினொன்றரை ஆகிவிடும், அதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கி வழியும். அம்மா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். கொள்கையில் அவரைப் போன்றவர்கள் பற்றி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கட்டுரையில் சேர்க்க ஆசை.

---

பழைய_சாக்பீஸ் | செவ்வாய் மாலை 6.00

இருக்கிறது அம்மா. பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி, அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஒரு வருடப் பட்டயப் பயிற்சி என்று எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் தொலைநிலையில், வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல். உங்கள் அம்மா இரண்டாவது வகையில் வருவார்.

இந்த ஒரு விவரம் போதும், பத்திக்கு உயிர் வந்துவிடும். மாற்றம் என்ன என்று முதலில் எழுதுங்கள்: கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான், கொள்கை 3 முதல் 18 வரை பார்க்கிறது, அங்கன்வாடியைக் கல்விக் கணக்கில் கொண்டுவருகிறது. ஏன் என்று எழுதுங்கள்: தொடக்கப் பள்ளியில் அடிப்படை எழுத்தும் எண்ணும் வராத பிள்ளைகள் 5 கோடிக்கும் மேல் இருக்கலாம் என்று கொள்கையே மதிப்பிடுகிறது, இந்தக் குறை ஒன்றாம் வகுப்புக்கு முன்பே தொடங்குகிறது என்பது அதன் கணிப்பு. அப்புறம் எங்கே இடறும் என்று எழுதுங்கள்: 3 முதல் 6 வயது வரை சட்டம் உரிமை தரவில்லை, அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் 11ஆம் பிரிவு சொல்கிறது. பயிற்சி கொடுத்தாலும் முட்டைக் கணக்கும் பதிவேடும் அதே ஒருவர் தலையில்தான் இருக்கும், அதற்கு ஆள் கூட்டுவது யார், சம்பளம் எவ்வளவு என்பதற்கு அதில் விடை இல்லை.

மாற்றம், காரணம், இடறும் இடம். மூன்று மாற்றம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்றையும் எழுதினால் 500 சொல்லுக்குச் சரியாக இருக்கும். வாழ்க்கைத் தொழிற்கல்வி, உயர்கல்வி, நான்கு வருட பி.எட். எல்லாவற்றையும் ஒரு பத்தியில் ஓட்டிவிடுங்கள். ஆசிரியர் தேர்வு என்பதால், 2030க்குள் ஆசிரியர் ஆகக் குறைந்தபட்சத் தகுதி நான்கு வருட ஒருங்கிணைந்த பி.எட். என்ற இலக்கையும், டெட்டை எல்லா நிலைகளுக்கும் விரிவாக்குவதையும் மட்டும் விடாதீர்கள்.

---

செங்கம்_மலர் | புதன் இரவு 9.30

மொழிப் பத்தியைத் திருத்திவிட்டேன். பாருங்கள்.

"பயிற்றுமொழி குறித்துக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழி அல்லது வட்டார மொழியைப் பரிந்துரைக்கிறது. இது 2009 சட்டத்தில் ஏற்கெனவே இருந்த கருத்தை விரிவாக்குவது. வீட்டில் பேசும் மொழியில் தொடங்கும் குழந்தை வாசிப்பை விரைவில் பிடித்துக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. ஆனால் ஒரே வகுப்பில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசும் குழந்தைகள் இருக்கும் எல்லைப் பகுதிகளில் எந்த மொழி என்பதைக் கொள்கை சொல்லவில்லை. மும்மொழியில் 1968இல் பெயரிடப்பட்டிருந்த இந்தி இப்போது பெயரிடப்படவில்லை, தேர்வு மாநிலங்களிடம் விடப்பட்டுள்ளது. எனினும் மூன்றாவது மொழி ஒன்று வேண்டும் என்பதும், ஆசிரியர் கிடைக்கும் மொழியே நடைமுறையில் தேர்வாகும் என்பதும் இருமொழி மாநிலங்களின் ஆட்சேபம்."

---

பழைய_சாக்பீஸ் | வியாழன் காலை 6.20

நன்றாக வந்திருக்கிறது. ஒரே திருத்தம். "வட்டார மொழி" என்று மட்டும் சுருக்கினால் டீச்சரம்மா கேட்ட கேள்வி மறைந்துவிடும், "வீட்டுமொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி அல்லது வட்டார மொழி" என்று நான்கையும் எழுதிவிடுங்கள். அப்போதுதான் அடுத்து வரும் எல்லைப் பகுதி வாக்கியத்துக்குப் பிடிமானம் கிடைக்கும்.

---

ஓசூர்_டீச்சர் | வியாழன் மதியம் 1.05

எனக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது மலர். தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி தமிழ் எல்லாப் பள்ளியிலும் கட்டாயப் பாடம், எங்கள் பக்கத்துத் தெலுங்கு வழிப் பள்ளிகளுக்கும் சேர்த்து. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு அது சுமையா, துணையா என்று எங்கள் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கொள்கையின் மேல் நாம் வைக்கும் கேள்வியை நம் மாநிலத்தின் மேலும் வைக்க வேண்டாமா? உங்கள் பத்தியில் மத்திய அரசு பக்கம் இருக்கும் இடறலை மட்டும்தான் பார்க்கிறேன்.

---

வைகைக்கரை | வியாழன் மாலை 7.15

டீச்சர் சொல்வது சரி. ஆனால் மலருக்கு 500 சொல்தான் இருக்கிறது. தலைப்பு தேசியக் கொள்கை பற்றியது, மாநிலச் சட்டத்துக்குள் போனால் தடம் மாறிவிடும். 2025 ஆகஸ்ட்டில் வந்த தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை பற்றித் தனித் தலைப்பு வந்தால் அங்கே எழுதலாம்.

---

ஓசூர்_டீச்சர் | வியாழன் இரவு 8.00

ஒரு வரி போதும் தம்பி, பத்தி வேண்டாம். அந்த ஒரு வரியை எழுதாமல் நடுநிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

செங்கம்_மலர் | வியாழன் இரவு 10.40

இரண்டு பேர் சொல்வதையும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அக்காவின் வரியைச் சேர்த்து ஒரு தடவையும் சேர்க்காமல் ஒரு தடவையும் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தேன். சேர்த்தால் 540 சொல் ஆகிறது, 48 நிமிடம் பிடிக்கிறது. அங்கன்வாடிப் பத்தியில் பதிவேடு பற்றிய வரியை எடுத்தால் சரியாகிவிடும், ஆனால் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அந்த வரியை எடுக்காதே என்கிறார். ஞாயிறு வரை நேரம் இருக்கிறது, முன்னுரையில் 1986ஐ இன்னும் குறைத்துப் பார்க்கிறேன்.